‘அறைந்துவிட்டான்’ என்று முடிந்த வாக்கியம்

“83ஆவது நிமிடத்தில் நீல அணியின் 9ஆம் எண் ஆட்டக்காரர், பந்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், வெறிகொண்டு திரும்பி, வேண்டுமென்றே வெள்ளை அணியின் 4ஆம் எண் ஆட்டக்காரரைக் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டான்.” ஓர் அமெச்சூர் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராக இருந்துவிட்டு, வியர்வை காயும் முன்பே நான் எழுதிய சம்பவ அறிக்கையின் முதல் வாக்கியம் இது. அன்று அந்த வாக்கியத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். குளித்துவிட்டு வந்து மறுபடியும் வாசித்தபோது முதலில் கண்ணில் பட்டது ‘வெறிகொண்டு’ அல்ல, கடைசிச் சொல். ‘ஆட்டக்காரர்’ என்று மரியாதையோடு தொடங்கிய வாக்கியம் ‘அறைந்துவிட்டான்’ என்று முடிந்திருந்தது. நடுவழியில் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார். அது எந்த இடத்தில் நடந்தது என்பது எனக்கே தெரியவில்லை.

கால்பந்து விதிகளின் 5ஆம் விதி, நடுவருடைய கடமைகளில் ஒன்றாக இந்த அறிக்கையைச் சொல்கிறது. எடுத்த ஒழுங்கு நடவடிக்கைகளையும், ஆட்டத்துக்கு முன்போ ஆட்டத்தின்போதோ ஆட்டத்துக்குப் பின்போ நடந்த பிற சம்பவங்களையும் உரிய அமைப்புக்கு அவர் எழுதித் தரவேண்டும். தடை எத்தனை ஆட்டங்களுக்கு, அபராதம் உண்டா, எச்சரிக்கையோடு விடலாமா என்பதையெல்லாம் போட்டியை நடத்தும் அமைப்பின் ஒழுங்குக் குழு முடிவு செய்யும். குழுவினர் மைதானத்தில் இருந்ததில்லை. அமெச்சூர் ஆட்டத்தில் காணொளிப் பதிவு கிடைப்பதும் அரிது. ஆகவே என் வாக்கியம்தான் அவர்களுக்குக் கண். அந்தக் கண்ணில் என் கோபம் பூசப்பட்டிருந்தால் அவர்கள் பார்ப்பது ஆட்டக்காரரை அல்ல, என்னை.

இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். வேறோர் ஆட்டத்தில் இதேபோன்ற ஒரு சிவப்பு அட்டைக்கு ‘கொலைவெறியுடன் தாக்கினார்’ என்று எழுதி அனுப்பினேன். விசாரணையில் ஒரு குழு உறுப்பினர், “மூடிய கையா, திறந்த கையா?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. “வலக்கையா, இடக்கையா?” அதுவும் நினைவில்லை. கொலைவெறி மட்டும் நன்றாக நினைவிருந்தது. அந்த ஆட்டக்காரருக்காகப் பேச வந்தவர் அதற்குமேல் அதிகம் பேசவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஆகவே இம்முறை முதல் வரைவைக் கிழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சொல்லையும் ‘இதை நான் பார்த்தேனா?’ என்று கேட்டுப் பார்த்தேன். ‘வெறிகொண்டு’ என்பதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு முகத்தின் பக்கவாட்டை, அதுவும் ஒரு வினாடி. ‘பந்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல்’ என்பதையும் பார்க்கவில்லை, பிறருடைய நினைப்பைப் பார்க்க முடியாது. ஆனால் அதற்கடியில் தேவையான ஒரு தகவல் ஒளிந்திருந்தது. பந்து அப்போது எதிர்ப்பக்கத் தொடுகோட்டின் அருகே, அந்த இருவரிடமிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில் ஆட்டத்தில் இருந்தது. 12ஆம் விதியில் இந்தத் தூரம் முக்கியமானது. பந்துக்காகப் போட்டியிடும்போது எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் அது கடுமையான முரட்டு ஆட்டம். பந்துக்காகப் போட்டியிடாதபோது மிகையான பலத்தைப் பயன்படுத்தினாலோ பயன்படுத்த முயன்றாலோ அது வன்முறை நடத்தை. இரண்டுக்கும் சிவப்பு அட்டைதான், ஆனால் குற்றத்தின் பெயர் வேறு, குழு அதை எடைபோடும் விதமும் வேறு. பந்து எங்கே இருந்தது என்று எழுதிவிட்டால் ‘நினைப்பு’ தேவையில்லை.

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லில்தான் நெடுநேரம் நின்றேன். கருத்தை விலக்கவேண்டும் என்றால் முதலில் விலக்கவேண்டியது இதுவே என்று தோன்றும். ஆனால் விதியே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது: பந்துக்காகப் போட்டியிடாத ஓர் ஆட்டக்காரர் எதிராளியையோ வேறு எவரையுமோ கையாலோ புயத்தாலோ தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே அடித்தால், பயன்படுத்திய பலம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியதாக இருந்தாலன்றி, அது வன்முறை நடத்தை. அப்படியானால் ‘வேண்டுமென்றே’ என்று தீர்மானித்தே நான் அட்டையை உயர்த்தியிருக்கிறேன். அது என் முடிவு, விதி எனக்குக் கொடுத்த முடிவு. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் முடிவுக்கு அறிக்கையில் ஓரிடம் உண்டு, நடந்ததற்கு வேறோர் இடம் உண்டு. வெளியேற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் விதியின் சொற்களில் ‘வன்முறை நடத்தை’ என்று ஒரே ஒருமுறை எழுதினேன். அதற்குக் கீழே வரும் விவரிப்பில் அந்தச் சொல்லும் வரவில்லை, ‘வேண்டுமென்றே’ என்பதும் வரவில்லை. அவர் கழுத்தைத் திருப்பி எதிராளியைப் பார்த்தார், பிறகு வலக்கையை உயர்த்தினார் என்று எழுதினேன். தற்செயலாக விசிறிய கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வாசிப்பவரே உணர்ந்துகொள்வார்.

‘ஓங்கி’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. பலம் சிறியதாக இருந்தால் அது வன்முறை நடத்தை ஆகாது என்று விதி சொல்வதால் பலத்தைப் பற்றி நான் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். ஆனால் பலத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, அதன் சுவடுகளை மட்டுமே பார்க்க முடியும். அடி விழுந்த ஓசை நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. 4ஆம் எண்ணின் தலை வலப்பக்கம் திரும்பியது. இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு அருகில் சென்று பார்த்தபோது அவருடைய இடக் கன்னம் சிவந்திருந்தது. அவர் தரையில் விழுந்ததையும் எழுதினேன், ஆனால் ‘அடியின் வேகத்தில் விழுந்தார்’ என்று எழுதவில்லை. அடிபட்டவர் எதனால் விழுகிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்பதை இத்தனை ஆண்டு அனுபவம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவர் அதன்பின் சிகிச்சை பெற்று ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்பதும் வாக்கியத்தில் சேர்ந்தது. அது அடியின் கடுமையைக் குறைத்துக் காட்டலாம். இருந்தாலும் அது நடந்தது.

தூரத்தை எப்படித் துல்லியமாகச் சொல்வது என்று இளம் நடுவர்கள் கேட்பதுண்டு. மைதானமே ஓர் அளவுகோல். மையவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், ஃப்ரீ கிக் எடுக்கும்போது எதிரணியினர் விலகி நிற்கவேண்டிய தூரமும் அதுவே. ஓர் ஆட்டத்தில் பலமுறை அந்தத் தூரத்தை நாம் கண்ணால் அளந்து சுவர் நிறுத்துகிறோம், ஆகவே அது கண்ணுக்குள் பதிந்திருக்கும். பெனால்டி எல்லையின் ஆழம் 16.5 மீட்டர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் மற்றத் தூரங்களைப் பெரிய தவறில்லாமல் சொல்லிவிடலாம். சம்பவம் மையவட்டத்தின் கோட்டுக்கு அருகே நடந்தது. நான் மையப்புள்ளிக்குச் சற்று மறுபக்கம் நின்றேன். ‘சுமார் 10 மீட்டர், இடையில் வேறு ஆட்டக்காரர் எவரும் இல்லை’ என்று எழுதினேன். இரண்டாவது பாதிதான் முக்கியம். 3 மீட்டரில் நின்றும் ஒரு முதுகு மறைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

இனி வினைச்சொற்கள். அடைமொழிகளை நீக்குவது பழகிவிட்ட வேலை. ஆனால் தமிழில் கருத்து அடைமொழியில் மட்டும் குடியிருப்பதில்லை, வினையின் வாலிலும் ஒட்டிக்கொள்கிறது. ‘அறைந்தார்’ என்பது செய்தி. ‘அறைந்துவிட்டார்’ என்றால் அதில் ஓர் ஐயோ சேர்ந்துவிடுகிறது. ‘பேசினார்’ என்பதற்கும் ‘பேசிக்கொண்டே இருந்தார்’ என்பதற்கும் இடையில் என் பொறுமையின் அளவு தெரிகிறது. ‘அவர்தான் முதலில் தள்ளினார்’ என்பதில் உள்ள ‘தான்’, விசாரணையே நடக்காமல் தீர்ப்பு எழுதுகிறது. ‘மீண்டும் தள்ளினார்’ என்று எழுதினால், அதற்குமுன் ஒருமுறை தள்ளியதாக நான் சாட்சி சொல்கிறேன் என்று பொருள். நான் அதைப் பார்க்காதிருந்தால் அந்த ஒரு சொல் பொய்ச் சாட்சி. இவற்றையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டபோது என் முதல் வரைவின் பக்கம் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

இவற்றுள் என்னை அதிகம் பயமுறுத்தியது ‘கொள்’ என்ற துணைவினை. அறை விழுந்தபின் இரு அணியினரும் ஓடிவந்து கூடினார்கள். முதல் வரைவில் அதை ‘இரு அணி ஆட்டக்காரர்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டனர்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். நடுநிலையாகத்தான் தோன்றியது, ஒருவரையும் குறிப்பிட்டுப் பழி சொல்லவில்லை. ஆனால் நான் உண்மையில் பார்த்தது வேறு. வெள்ளை அணியின் 8ஆம் எண், நீல அணியின் 5ஆம் எண்ணின் மார்பில் இரு கைகளையும் வைத்துத் தள்ளினார். 5ஆம் எண் இரண்டடி பின்னால் நகர்ந்தார், இரு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கித் திறந்து காட்டினார், தள்ளவில்லை. ‘தள்ளிக்கொண்டனர்’ என்ற என் நடுநிலையான சொல், ஒரு தப்பும் செய்யாத அந்த 5ஆம் எண்ணையும் கைகலப்புக்குள் இழுத்துப் போட்டிருந்தது. பழியைச் சமமாகப் பங்கிடுவதும் ஒரு கருத்துதான். பார்வைக்குக் கண்ணியமாக இருப்பதால் அது எளிதில் பிடிபடுவதில்லை.

ஆகவே அந்த வரியை எண்களாகப் பிரித்தேன். 8ஆம் எண்ணின் செயலும் அதற்குக் காட்டிய மஞ்சள் அட்டையும் ஒரு வாக்கியம். நீல அணியின் மாற்று ஆட்டக்காரர் 14ஆம் எண் அனுமதியின்றி மைதானத்துக்குள் சுமார் 15 மீட்டர் வந்து நின்றார், எவரையும் தொடவில்லை, அவருக்கும் மஞ்சள் அட்டை என்பது இன்னொரு வாக்கியம். அவரோடு உள்ளே வந்த மற்றொருவரின் சட்டைக்கு மேல் பயிற்சி அங்கி இருந்ததால் எண் தெரியவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். கூட்டத்துக்குள் ஓடிச் சென்று பிரித்துவிடும் ஆசையை அடக்கி, சற்றுத் தள்ளி நின்று எண்களைக் குறிப்பேட்டில் எழுதியதால்தான் இவ்வளவாவது கிடைத்தது. ஆட்டம் நின்றிருந்தது மொத்தம் 4 நிமிடங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிய அந்த எண் இல்லாவிட்டால் எனக்கு அது 10 நிமிடம் என்றே நினைவில் தங்கியிருக்கும்.

இனி, நான் எழுத விரும்பாத பகுதி. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்தபின், எதிர்ப்பக்கத் தொடுகோட்டில் இருந்த இரண்டாம் துணை நடுவர் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். அறைவதற்கு முன்பாக வெள்ளை 4ஆம் எண், நீலம் 9ஆம் எண்ணின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார், அதற்குத் தான் கொடியை உயர்த்தினேன் என்றார். நான் அதையும் பார்க்கவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. என் விசில் கேட்டதும் அவர் கொடியை இறக்கிவிட்டார். நான் இரண்டையும் பார்த்துவிட்டுப் பெரிய குற்றத்துக்குத் தண்டனை கொடுத்ததாக எண்ணிக்கொண்டார். சட்டையைப் பிடித்ததே முதலில் நடந்த குற்றம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் ஃப்ரீ கிக் நீல அணிக்குப் போயிருக்கும். நான் வெள்ளை அணிக்குக் கொடுத்தேன். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் அந்த முடிவை மாற்ற 5ஆம் விதி இடம் தரவில்லை. அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதை எழுதாமல் விட்டால் என்ன என்று மனம் கணக்குப் போட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் முகத்தில் அடித்ததற்குச் சிவப்பு அட்டை சிவப்பு அட்டைதான், முடிவு மாறாது. நான் பார்க்காததை நான் எதற்கு எழுதவேண்டும்? பார்த்ததை மட்டும் எழுது என்பதுதானே விதி? இப்படித் தன் தவறை மறைக்கும்போது ஒழுக்கமே துணைக்கு வந்து நிற்கும். ஆனால் ஒழுங்குக் குழு தடையின் அளவை முடிவு செய்யும்போது, அடிப்பதற்குமுன் என்ன நடந்தது என்பது அதற்குத் தேவைப்படலாம். தேவையில்லை என்று முடிவு செய்யும் உரிமை எனக்கில்லை. ஒரு சொல்லில்கூடக் கருத்து இல்லாமல், ஒரு வரியை விட்டுவிடுவதன் மூலமாகவே முழு அறிக்கையையும் ஒரு பக்கம் சாய்த்துவிட முடியும். அப்படிச் சாய்ந்த அறிக்கையை எவராலும் பென்சிலால் வட்டமிடவும் முடியாது.

எழுதுவதென்று ஆனபின் அடுத்த பள்ளம் இணைப்புச் சொல். ‘சட்டையைப் பிடித்து இழுத்ததால் திரும்பி அறைந்தார்’ என்று ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அந்த ‘ஆல்’ உருபு 9ஆம் எண்ணின் வழக்கறிஞராகிவிடும். ‘பதிலுக்கு’ என்றாலும் அப்படியே. சட்டை இழுக்கப்பட்டது ஒரு நிகழ்வு, அறை இன்னொரு நிகழ்வு. அவற்றுக்கு இடையில் உள்ளது நேரம் மட்டுமே. காரணம் உண்டா இல்லையா என்பதை 9ஆம் எண் சொல்லட்டும், குழு கேட்கட்டும். தமிழில் செய்து, செய்ததால், செய்தபோது, செய்தபின் என்று வினையெச்சங்களைக் கோத்து எழுதுவது நமக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பானது. அந்தக் கோவையில் ‘பின்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவிழ்த்தேன். வாசிப்பதற்குக் கரடுமுரடாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பகுதி இவ்வாறு நின்றது:

> 83ஆவது நிமிடம். பந்து எதிர்ப்பக்கத் தொடுகோட்டின் அருகே ஆட்டத்தில் இருந்தது. நீல அணி 9ஆம் எண் ஆட்டக்காரரும் வெள்ளை அணி 4ஆம் எண் ஆட்டக்காரரும் மையவட்டத்தின் கோட்டருகே, பந்திலிருந்து சுமார் 25 மீட்டர் தொலைவில் இருந்தனர். நான் அவர்களிடமிருந்து சுமார் 10 மீட்டர் தொலைவில் நின்றேன். இடையில் வேறு ஆட்டக்காரர் எவரும் இல்லை. 9ஆம் எண் திரும்பி 4ஆம் எண்ணைப் பார்த்தார். பிறகு வலக்கையை உயர்த்தி, திறந்த உள்ளங்கையால் 4ஆம் எண்ணின் இடக் கன்னத்தில் ஒருமுறை அடித்தார். அடியின் ஓசை எனக்குக் கேட்டது. 4ஆம் எண்ணின் தலை வலப்பக்கம் திரும்பியது. அவர் தரையில் விழுந்தார். நான் ஆட்டத்தை நிறுத்தி, 9ஆம் எண்ணுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் மைதானத்தை விட்டு வெளியேறினார். இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு அருகில் சென்று பார்த்தபோது 4ஆம் எண்ணின் இடக் கன்னம் சிவந்திருந்தது. அவர் சிகிச்சை பெற்று ஆட்டத்தைத் தொடர்ந்தார். வெள்ளை அணிக்கு நேரடி ஃப்ரீ கிக் வழங்கி ஆட்டத்தைத் தொடங்கினேன்.
>
> ஆட்டம் முடிந்தபின் இரண்டாம் துணை நடுவர், மேற்சொன்ன அடிக்கு முன் 4ஆம் எண் 9ஆம் எண்ணின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததைத் தாம் பார்த்ததாகவும், அதற்குக் கொடியை உயர்த்தியதாகவும் என்னிடம் தெரிவித்தார். நான் சட்டை இழுக்கப்பட்டதையும் கொடி உயர்த்தப்பட்டதையும் பார்க்கவில்லை. அவருடைய அறிக்கை தனியாக இணைக்கப்பட்டுள்ளது.

துணை நடுவரின் அறிக்கையை அவரே எழுதினார். நான் எழுதியதை அவருக்குக் காட்டவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் இரண்டு அறிக்கைகளும் அழகாகப் பொருந்தும், ஒரே சொற்கள்கூட வரும், குழுவுக்கு ஒரு சாட்சி குறைந்துவிடும். அவருடைய அறிக்கையில் பந்து 30 மீட்டர் தொலைவில் இருந்தது. என்னுடையதில் 25. இருக்கட்டும்.

ஆட்டக்காரரின் பழைய வரலாற்றைப் பற்றி நான் எழுதவில்லை. அவர் முந்தைய பருவத்திலும் ஒருமுறை வெளியேற்றப்பட்டது எனக்குத் தெரியும், குழுவின் பதிவேட்டுக்கும் தெரியும். நான் அதை எழுதினால் அது தகவலாக இராது, கை காட்டுவதாக இருக்கும். ஆனால் அன்றைய ஆட்டத்தின் 70ஆவது நிமிடத்தில் அந்த இருவரையும் அழைத்து வாய்மொழியாக எச்சரித்ததை எழுதினேன். அது என் மேற்பார்வையில், என் ஆட்டத்தில் நடந்தது. அதைப் படிப்பவர், அப்போதே மஞ்சள் அட்டை காட்டியிருக்கலாமே என்று என்னைக் கேட்கலாம். கேட்பதும் சரிதான். ‘கடுமையான தண்டனை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற கடைசி வரியையும் அடித்தேன். வரைவை அப்படி முடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது, விண்ணப்பத்தின் கீழே ‘இப்படிக்கு’ போடுவதுபோல.

ஆட்டம் முடிந்து சுமார் 20 நிமிடங்களுக்குப் பிறகு 9ஆம் எண், தன் கேப்டனோடு எங்கள் அறை வாசலுக்கு வந்து, “சார், நான் கை வச்சது தப்புதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். இதையும் எழுதினேன். ‘மன்னிப்புக் கேட்டார்’ என்று எழுதவில்லை, ஏனெனில் அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. ‘வருந்தினார்’ என்றும் எழுதவில்லை. அவர் சொன்ன ஐந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். முதல் வரைவில் இந்தச் சம்பவமே இல்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ‘அறைந்துவிட்டான்’ என்று எழுதியவனுக்கு அது நினைவில் நிற்காதது வியப்பல்ல.

இறுதி விசிலுக்குப் பின் நாங்கள் மைதானத்தை விட்டு வெளியேறும்போது ஒரு தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது. அதற்கு இரண்டு வாக்கியங்கள் போதுமானவையாக இருந்தன: பார்வையாளர்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்து எனக்கு இடப்புறம் சுமார் 3 மீட்டரில் விழுந்தது, எறிந்தவரை நான் பார்க்கவில்லை. எந்த அணியின் ஆதரவாளர் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகத்துக்குச் சட்டை எண் கிடையாது.

கடைசியாக நீல அணியின் பயிற்சியாளர். அணி அலுவலர்களுக்கும் அட்டை காட்டலாம் என்று விதி மாறியது 2019–20 பருவத்தில். அதற்குமுன் அவர்களை வாயால் சொல்லித்தான் வெளியே அனுப்பினோம். கூட்டம் கலைந்துகொண்டிருந்த வேளையில் இவர் தன் பகுதியை விட்டு வெளியே வந்து, எனக்கு ஒரு மீட்டர் தொலைவில் நின்று ஒன்றைச் சொன்னார். நான் சிவப்பு அட்டை காட்டினேன். இதுபோன்ற இடங்களில் ‘தகாத சொற்களால் திட்டினார்’ என்று எழுதுவது நம் வழக்கம். கண்ணியமான வாக்கியம், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. தகாதது எது என்று என் காதைக் கேட்டு முடிவு செய்யாமல் அந்தச் சொற்களைப் பார்த்தே குழு முடிவு செய்யவேண்டும். முடிவுக்கு எதிர்ப்புத் தெரிவித்தால் மஞ்சள் அட்டை, இழிவுபடுத்தினால் சிவப்பு. எல்லைக்கோடு அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. எனவே அவர் சொன்னதைப் பேச்சு வழக்கிலேயே, செந்தமிழுக்கு மாற்றாமல் எழுதவேண்டும். ‘பணம் பெற்றுக்கொண்டு விசில் அடிப்பதாகக் குற்றஞ்சாட்டினார்’ என்று எழுதினால் அவர் என்னை ‘நீ’ என்றாரா ‘நீங்க’ என்றாரா என்பது காணாமல் போய்விடும். அதுவும் நடந்ததன் ஒரு பகுதி. நான் இப்படி எழுதினேன்: “காசு வாங்கிட்டுத்தானே விசில் அடிக்கிற?”

விசாரணைக்கு அழைப்பு வந்தது. 9ஆம் எண் தொடர்பாக ஒரு கேள்வியும் வரவில்லை. அவர் அறிக்கையை வாசித்துவிட்டு, நடந்தது அப்படித்தான் என்று சொல்லியிருந்தார். பயிற்சியாளர் மட்டும் மறுத்தார். பேசவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. தான் “காசு வாங்கினியா?” என்றுதான் கேட்டேன், ‘வாங்கிட்டுத்தானே’ என்று சொல்லவில்லை என்றார். ஒன்று கேள்வி, மற்றது குற்றச்சாட்டு என்பது அவருடைய வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. குழுவின் தலைவர் என் குறிப்பேட்டைக் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். 83ஆம் நிமிடத்துக்குக் கீழே, 8ஆம் எண்ணுக்கும் 14ஆம் எண்ணுக்கும் இடையில், நெருக்கியடித்துக்கொண்டு இரண்டே சொற்கள்: ‘காசு – விசில்’.

மற்ற எழுத்துகளையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். எழுதும்போது அது நினைவாகத்தான் இருந்தது, இப்போதும் என் காதில் அந்த ‘தானே’ கேட்கிறது. ஆனால் வினைகளின் வாலையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்த அதே மாலையில், மேற்கோள் குறி என்பது ‘இந்தச் சொற்களே, இதே வரிசையில்’ என்ற உறுதிமொழி என்பதை மட்டும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. அங்கேயே ஒரு தாளை வாங்கி, பின்னிணைப்பாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்: “பயிற்சியாளர் கூறியதாக என் அறிக்கையில் மேற்கோள் குறிக்குள் உள்ள வாக்கியம், ஆட்டம் முடிந்து சுமார் 3 மணி நேரத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்டது. சம்பவத்தின்போது நான் குறித்துவைத்த சொற்கள் ‘காசு’, ‘விசில்’ ஆகிய இரண்டு மட்டுமே. ‘தானே’ என்ற சொல் எனக்குக் கேட்டதாக நினைவு இருக்கிறது. அது என் குறிப்பேட்டில் இல்லை.”